சிற்றலை சுமக்கும் ஆற்றல்: பக் கன்வெர்ட்டர் மின்னழுத்தத்தை இறக்கும் விதம்

12 வோல்ட் பேட்டரி ஒன்றிலிருந்து, 5 வோல்ட்டில் இயங்கும் கருவி ஒன்றுக்கு 2 ஆம்பியர் மின்னோட்டம் வழங்க வேண்டுமானால், இடையில் மிஞ்சுகிற 7 வோல்ட்டை என்ன செய்வது என்பதே முதலில் விடை காண வேண்டிய கேள்வி. மாறுதிசை மின்னோட்டமாக இருந்தால் மின்மாற்றி ஒன்று இவ்வேலையை எளிதாக முடித்துவிடும். பேட்டரி தருவதோ நேர்திசை மின்னோட்டம் என்பதால் மின்மாற்றிக்கு அங்கே இடமில்லை. நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்துவரும் தீர்வு, லீனியர் ரெகுலேட்டர் எனப்படும் ஒழுங்காக்கியைப் பேட்டரிக்கும் கருவிக்கும் நடுவே தொடராக இணைப்பது. அது தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஒரு மின்தடையைப் போல நடந்துகொண்டு, மிஞ்சும் 7 வோல்ட்டைத் தன் மேல் தாங்கிக்கொள்கிறது.

தொடராக இணைந்த உறுப்புகள் அனைத்திலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும் என்பது இத்தீர்வின் அடிப்படைக் குறை. கருவிக்குச் செல்லும் 2 ஆம்பியர் முழுவதும் பேட்டரியிலிருந்தே புறப்பட வேண்டியிருப்பதால், பேட்டரி 24 வாட் திறனை இழக்கிறது. கருவிக்கு 10 வாட் சேர்கிறது. எஞ்சிய 14 வாட், சிறிய சாலிடரிங் அயர்ன் ஒன்றைச் சூடாக்கப் போதுமான அளவு, ஒழுங்காக்கியில் வெப்பமாகிறது. பயனுறுதிறன் 42 சதவீதத்தைத் தாண்டாது. எவ்வளவு உயர்ந்த ஒழுங்காக்கியை வாங்கிப் பொருத்தினாலும் இந்த எண் மாறாது, ஏனெனில் அது பொருளின் தரத்தால் வருவதன்று, 5-ஐ 12-ஆல் வகுப்பதால் வருவது.

மிஞ்சும் மின்னழுத்தத்தை எரித்துவிடாமல் பயனுள்ள ஆற்றலாக மாற்றிக் கருவிக்கே கொடுக்கும் சுற்று பக் கன்வெர்ட்டர் என்று வழங்கப்படுகிறது. ஒரு ஸ்விட்ச், ஒரு மின்தூண்டி, ஒரு டையோடு, வெளியீட்டில் ஒரு மின்தேக்கி என நான்கே முதன்மை உறுப்புகளைக் கொண்ட இச்சுற்றில், மின்தூண்டியின் மின்னோட்டம் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். சிற்றலை என்று அழைக்கப்படும் இந்த ஏற்ற இறக்கத்தை வடிகட்டி நீக்கவேண்டிய ஒரு மாசு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் மிஞ்சும் மின்னழுத்தத்தின் ஆற்றலைச் சுமந்து செல்வதே அந்தச் சிற்றலைதான். அதன் அளவைப் புரிந்துகொண்டால் சுற்று முழுவதும் விளங்கிவிடும்.

ஸ்விட்சிலிருந்து தொடங்குவது நல்லது. மின்னணுச் சுற்றில் ஸ்விட்ச் என்பது நொடிக்குப் பல்லாயிரம் முறை மூடித் திறக்கவல்ல ஒரு டிரான்சிஸ்டர். மூடிய ஸ்விட்சில் மின்னோட்டம் உண்டு, ஆனால் அதன் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் ஏறத்தாழ இல்லை. திறந்த ஸ்விட்சில் மின்னழுத்தம் உண்டு, மின்னோட்டம் இல்லை. இவ்விரண்டின் பெருக்கற்பலனே வெப்பமாக இழக்கப்படும் திறன் என்பதால், இரு நிலைகளிலுமே இழப்பு சுழியை நெருங்கிவிடுகிறது. லீனியர் ஒழுங்காக்கி எப்போதும் இவ்விரு நிலைகளுக்கும் நடுவே நின்று இரண்டையும் ஒருசேரச் சுமப்பதால்தான் சூடாகிறது.

அப்படியானால், 12 வோல்ட்டை ஸ்விட்சின் வழியே விட்டுவிட்டு ஒரு பெரிய மின்தேக்கியில் நிரப்பி, அது 5 வோல்ட்டை எட்டியதும் ஸ்விட்சைத் திறந்து, சற்றே குறைந்ததும் மீண்டும் மூடினால் போதாதா என்ற கேள்வி இயல்பாக எழும். போதாது, அதற்கான காரணம் ஆழமானது. 5 வோல்ட்டில் நிற்கும் மின்தேக்கியை 12 வோல்ட் மூலத்தோடு நேரே இணைக்கும்போது, இடையிலுள்ள 7 வோல்ட் முழுவதும் ஸ்விட்சின் மீதும் கம்பிகளின் மீதும் விழுகிறது. பேட்டரியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் 12 ஜூல் ஆற்றலோடு கிளம்பி, 5 ஜூலை மட்டும் மின்தேக்கியிடம் ஒப்படைத்து, 7 ஜூலை வழியில் வெப்பமாக விட்டுவிடுகிறது. ஸ்விட்சின் மின்தடையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் பயனில்லை, மின்னோட்டம் பத்து மடங்காகி அதே 7 ஜூல் இன்னும் விரைவாக எரியும். பயனுறுதிறன் மீண்டும் அதே 42 சதவீதம். ஸ்விட்சை மட்டும் வைத்து ஆற்றலை மிச்சப்படுத்த முடியாது. அந்த 7 வோல்ட்டை எரிக்காமல் தாங்கிக்கொள்ளும் ஓர் உறுப்பு வேண்டும்.

அந்த உறுப்பே மின்தூண்டி, பணிமனைப் பேச்சில் காயில். ஃபெரைட் அல்லது இரும்புத் தூளால் செய்த உள்ளகத்தின் மீது செப்புக் கம்பியைச் சுற்றினால் மின்தூண்டி ஆகிவிடும். தன் வழியே பாயும் மின்னோட்டம் மாறுவதை எதிர்ப்பது அதன் இயல்பு. மின்தடையின் மீது மின்னழுத்தத்தைச் செலுத்தினால் அதற்கேற்ற மின்னோட்டம் உடனே பாயத் தொடங்கும். மின்தூண்டியின் மீது செலுத்தினால் மின்னோட்டம் அப்போதிருந்த அளவிலிருந்து ஒரே சீரான வேகத்தில் ஏறத் தொடங்கும். அந்த வேகம், செலுத்தப்படும் மின்னழுத்தத்தை மின்தூண்டல் எண்ணால் வகுத்தால் கிடைப்பது. அவ்வாறு ஏறும் மின்னோட்டம் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலத்தை வளர்க்கிறது. செலவான ஆற்றல் வெப்பமாகாமல் அப்புலத்தில் தங்குகிறது. மின்னழுத்தத்தின் திசை மாறினால் மின்னோட்டம் அதே விதிப்படி இறங்கத் தொடங்கி, காந்தப்புலத்தில் தங்கியிருந்த ஆற்றல் மீண்டும் சுற்றுக்கு வந்து சேர்கிறது.

இனி ஒரு குறிப்பிட்ட சுற்றை எடுத்துக்கொண்டு அதன் ஒரே ஒரு சுழற்சியை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கலாம். எல்எம் 2596 என்ற ஐ.சி.யைக் கொண்ட சிறிய பலகைகள் மின்னணுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ஸ்விட்சும் அதை இயக்கும் மூளையும் அந்த ஐ.சி.க்குள்ளேயே அடங்கியிருக்கின்றன, அது நொடிக்கு 1,50,000 முறை, அதாவது 150 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஸ்விட்சை மூடித் திறக்கிறது. அருகில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் மின்தூண்டியின் தலையில் பெரும்பாலும் 330 என்றோ 470 என்றோ பொறிக்கப்பட்டிருக்கும். 330 என்பது 330 மைக்ரோஹென்றி அன்று. முதல் இரு இலக்கங்களுக்குப் பின் எத்தனை சுழிகள் என்பதைக் கடைசி இலக்கம் சொல்வதால், அது 33 மைக்ரோஹென்றி. இந்த 33 மைக்ரோஹென்றி மின்தூண்டியோடு 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கி 2 ஆம்பியர் வழங்குவதையே கணக்காகக் கொள்வோம்; முதலில் உறுப்புகள் குறையற்றவை என்று வைத்துக்கொண்டு, குறைகளைப் பின்னர் சேர்ப்பது தெளிவு தரும்.

ஒரு சுழற்சியின் காலம் 6.67 மைக்ரோவினாடி. அதில் முதல் 2.78 மைக்ரோவினாடி ஸ்விட்ச் மூடியிருக்கிறது. அப்போது மின்தூண்டியின் ஒரு முனை பேட்டரியின் 12 வோல்ட்டோடும், மறுமுனை வெளியீட்டின் 5 வோல்ட்டோடும் இணைந்திருப்பதால், மிஞ்சும் 7 வோல்ட் மின்தூண்டியின் மீது நிற்கிறது. 7-ஐ 33-ஆல் வகுத்தால், மைக்ரோவினாடிக்கு 0.21 ஆம்பியர் என்ற வேகத்தில் மின்னோட்டம் ஏறும். ஸ்விட்ச் மூடிய கணத்தில் 1.7 ஆம்பியராக இருந்த மின்னோட்டம், திறக்கும் கணத்தில் 2.3 ஆம்பியரை எட்டியிருக்கிறது.

ஸ்விட்ச் திறந்ததும் பேட்டரியின் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஆனால் மின்தூண்டியில் ஓடிக்கொண்டிருந்த 2.3 ஆம்பியர் ஒரேயடியாக நின்றுவிட முடியாது. தனக்கு ஒரு வழி கிடைக்கும் வரை அது ஸ்விட்ச் பக்கத்து முனையின் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துக்கொண்டே செல்லும். இக்கட்டத்தில்தான் டையோடு வேலைக்கு வருகிறது. ஒரே திசையில் மட்டும் மின்னோட்டத்தை அனுமதிக்கும் உறுப்பாகிய அது, தரையிலிருந்து மின்தூண்டியின் ஸ்விட்ச் பக்கத்து முனையை நோக்கி இணைக்கப்பட்டிருக்கிறது. ஸ்விட்ச் மூடியிருந்தவரை அம்முனை 12 வோல்ட்டில் இருந்ததால் டையோடு அடைபட்டிருந்தது. அம்முனை தரைக்குக் கீழே இறங்கியவுடன் அது திறந்துகொள்ள, மின்னோட்டம் தரையிலிருந்து டையோடு வழியே மின்தூண்டிக்கும், அங்கிருந்து கருவிக்கும், கருவியிலிருந்து மீண்டும் தரைக்குமாகச் சுற்றி வருகிறது. இப்போது மின்தூண்டியின் மீது இருப்பது எதிர்த்திசையில் 5 வோல்ட், மைக்ரோவினாடிக்கு 0.15 ஆம்பியர் என்ற வேகத்தில் மின்னோட்டம் இறங்கி, எஞ்சிய 3.89 மைக்ரோவினாடியில் 2.3-லிருந்து 1.7-க்கு வந்து சேர்கிறது. அத்துடன் அடுத்த சுழற்சி தொடங்குகிறது.

ஏறியது 0.59 ஆம்பியர், இறங்கியதும் 0.59 ஆம்பியர். மின்தூண்டியின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்தால், 2 ஆம்பியர் என்ற கோட்டின் மேலும் கீழும் சம அளவு நீளும் முக்கோண அலை கிடைக்கும். உச்சிக்கும் அடிக்கும் இடையிலுள்ள இந்த 0.59 ஆம்பியரே சிற்றலை மின்னோட்டம். மூடிய நேரத்திற்கும் முழுச் சுழற்சிக்கும் உள்ள விகிதம் D என்றும், அதிர்வெண் f என்றும், மின்தூண்டல் எண் L என்றும் கொண்டால் மேற்கண்ட கணக்கை ஒரே வரியில் இவ்வாறு எழுதலாம்:

ΔI = (Vin − Vout) × D / (f × L)

இனி ஆற்றலின் கணக்கு. ஸ்விட்ச் மூடியிருந்த 2.78 மைக்ரோவினாடியில் சராசரியாக 2 ஆம்பியர் பாய்ந்ததால், பேட்டரி அச்சுழற்சியில் கொடுத்த ஆற்றல் 66.7 மைக்ரோஜூல். அதில் 27.8 மைக்ரோஜூல் அப்போதே வெளியீட்டுக்குச் சென்றுவிட்டது. மீதி 38.9 மைக்ரோஜூல், லீனியர் ஒழுங்காக்கியாக இருந்திருந்தால் வெப்பமாகப் போயிருக்கும் அதே பங்கு, எங்கே போனது என்று தேட வேண்டும். மின்தூண்டியின் காந்தப்புல ஆற்றல், மின்தூண்டல் எண்ணில் பாதியை மின்னோட்டத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைப்பது. அதன்படி 2.3 ஆம்பியரில் இருக்கும் ஆற்றலிலிருந்து 1.7 ஆம்பியரில் இருந்த ஆற்றலைக் கழித்தால் கிடைக்கும் விடை 38.9 மைக்ரோஜூல். காணாமற்போனதாகத் தோன்றிய பங்கு ஒரு துளியும் குறையாமல் சிற்றலையின் ஏற்றத்துக்குள் இருக்கிறது. ஸ்விட்ச் திறந்திருக்கும் 3.89 மைக்ரோவினாடியில், பேட்டரி எதுவும் கொடுக்காத அந்த இடைவெளியில், சிற்றலையின் இறக்கம் இதே 38.9 மைக்ரோஜூலைக் கருவிக்குத் தருகிறது. இரண்டு பங்குகளையும் கூட்டி, நொடிக்கு 1,50,000 சுழற்சிகள் என்று பெருக்கினால் 10 வாட் வருகிறது.

பேட்டரி சுழற்சியின் ஒரு பகுதியில் மட்டுமே மின்னோட்டம் கொடுப்பதால் அதன் சராசரி 0.83 ஆம்பியர்தான், ஆனால் கருவிக்குச் செல்வது 2 ஆம்பியர். மின்னழுத்தம் குறைந்த அளவுக்கு மின்னோட்டம் கூடியிருக்கிறது. மின்மாற்றி மாறுதிசை மின்னோட்டத்துக்குச் செய்வதை இச்சுற்று நேர்திசை மின்னோட்டத்துக்குச் செய்கிறது.

2.78 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்றமும் இறக்கமும் சமமாக இருந்தால்தான் சுற்று நிலையாக இருக்கும். ஏற்றம் மிஞ்சினால் சுழற்சிக்குச் சுழற்சி மின்னோட்டம் கூடிக்கொண்டே போய் வெளியீட்டு மின்னழுத்தமும் உயர்ந்துவிடும். 7 வோல்ட்டை மூடிய நேரத்தாலும், 5 வோல்ட்டைத் திறந்த நேரத்தாலும் பெருக்கினால் இரண்டும் சமமாக வேண்டும் என்ற இந்த ஒரே நிபந்தனையிலிருந்து, மூடிய நேரம் முழுச் சுழற்சியில் பன்னிரண்டில் ஐந்து பங்கு என்பது தானே வந்துவிடும். டியூட்டி சைக்கிள் என்று தொழிலில் வழங்கும் இவ்விகிதம் வெளியீட்டு மின்னழுத்தத்துக்கும் உள்ளீட்டு மின்னழுத்தத்துக்கும் உள்ள விகிதமேயன்றி வேறில்லை. கருவி எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்பதோ, மின்தூண்டி எவ்வளவு பெரியது என்பதோ அதில் இடம்பெறவில்லை. பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கினால், ஐ.சி. வெளியீட்டை உள்ளிருக்கும் ஒரு நிலையான மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மூடிய நேரத்தை ஒன்பதில் ஐந்து பங்காக நீட்டிக்கொள்கிறது.

இதுவரை உறுப்புகள் குறையற்றவை என்று கொண்ட கணக்கு. நடைமுறையில் இழப்பின் பெரும்பகுதி ஸ்விட்சிலும் டையோடிலும் நேர்கிறது. எல்எம் 2596-க்குள் இருக்கும் ஸ்விட்ச் பழைய வகை டிரான்சிஸ்டர் என்பதால் மூடிய நிலையிலும் அதன் மீது 1 வோல்ட் அளவுக்கு நின்றுவிடுகிறது. டையோடு அரை வோல்ட் எடுத்துக்கொள்கிறது. இவற்றை ஈடுசெய்ய ஸ்விட்ச் சற்று அதிக நேரம், சுழற்சியில் ஏறத்தாழ 48 சதவீதம், மூடியிருக்க வேண்டியதாகிறது. அதன்படி ஸ்விட்சில் 1 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், டையோடில் அரை வாட் அளவும் வெப்பமாகின்றன. செப்புக் கம்பியின் மின்தடையும், மூடித் திறக்கும் அந்தக் கணங்களில் நேரும் இழப்பும் இவற்றோடு சேர்கின்றன. 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர் வழங்கும்போது பயனுறுதிறன் 80 சதவீதம் என்றே இந்த ஐ.சி.யின் தரவுத்தாளும் கூறுகிறது. 42-க்கும் 80-க்கும் இடையே 14 வாட் வெப்பமும் இரண்டரை வாட் வெப்பமுமாக உள்ள வேறுபாடு, விசிறி வைத்த வெப்பத் தகடு தேவைப்படுவதற்கும் வெறும் பலகையின் செப்பே போதுமாவதற்கும் உள்ள வேறுபாடு.

டையோடை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் புதிதாகச் சுற்று அமைப்போர் அடிக்கடி தவறுகின்றனர். கையில் எளிதாகக் கிடைக்கும் 1என்4007 டையோடு 1,000 வோல்ட் வரை தாங்கும் என்பதைப் பார்த்து அதையே பொருத்திவிடுவதுண்டு. அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கென அமைந்த டையோடு. அதில் மின்னோட்டம் பாயும்போது அதன் சந்தியில் மின்னூட்டங்கள் தேங்குகின்றன. திசை மாறிய பிறகும் அவை வடிந்து தீரும்வரை, மைக்ரோவினாடி அளவிலான நேரத்துக்கு, அது எதிர்த்திசையிலும் மின்னோட்டத்தை விட்டுக்கொண்டிருக்கும். 50 ஹெர்ட்ஸில் இது பொருட்டே இல்லை. மூடிய நேரமே 3 மைக்ரோவினாடி அளவாக உள்ள சுற்றில், ஸ்விட்ச் மூடும் ஒவ்வொரு முறையும் 12 வோல்ட் மூலம் ஸ்விட்சின் வழியாகவும் டையோடின் வழியாகவும் நேரே தரையோடு இணைந்துவிடுகிறது என்பது அதன் பொருள். கருவி சிறிதளவே மின்னோட்டம் எடுக்கும்போதும் டையோடும் ஐ.சி.யும் தொட முடியாதபடி சூடாவது இத்தவற்றின் அடையாளம். உலோகமும் குறைக்கடத்தியும் சந்திக்கும் சந்தியால் ஆன ஷாட்கி டையோடில் இவ்வாறு மின்னூட்டம் தேங்குவதில்லை, மின்னழுத்த இழப்பும் குறைவு. ஆகவே பக் கன்வெர்ட்டரில் டையோடு என்றால் ஷாட்கிதான்.

ஆயினும் ஷாட்கிக்கும் ஓர் எல்லை உண்டு. வெளியீடு 5 வோல்ட்டாக இருக்கும்போது அரை வோல்ட் இழப்பு பொறுத்துக்கொள்ளக்கூடியது. கணினியின் செயலிக்கு 1 வோல்ட் அளவில் பல பத்து ஆம்பியர் தேவைப்படும்போது, அதே அரை வோல்ட் வெளியீட்டில் பாதியாகிவிடுகிறது. அங்கு ஸ்விட்ச் பெரும்பாலான நேரம் திறந்தே இருப்பதால் டையோடு ஏறத்தாழ முழுநேரமும் சுமை தாங்க, பயனுறுதிறன் 70 சதவீதத்தை எட்டுவதே அரிதாகும். அதனால் கணினியின் தாய்ப்பலகைகளில் டையோடின் இடத்தில் இன்னொரு டிரான்சிஸ்டரை வைத்து, முதல் ஸ்விட்ச் திறந்தபின் இது மூடுமாறு இயக்குகின்றனர். இரண்டும் ஒரே நேரத்தில் மூடியிருந்தால் மூலம் தரையோடு இணைந்துவிடும் என்பதால், இரண்டுமே திறந்திருக்கும் மிகச் சிறிய இடைவெளி ஒன்றை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் விட வேண்டியிருக்கிறது.

சிற்றலை எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பவரின் தேர்வு. மின்தூண்டல் எண்ணை இருமடங்காக்கினால் சிற்றலை பாதியாகும். சுழற்சிதோறும் கடத்தப்படும் ஆற்றல் மட்டும் அதே 38.9 மைக்ரோஜூலாகவே இருக்கும். சிறிய சிற்றலை நல்லது என்று தோன்றினாலும், அதற்குப் பெரிய காயில் வேண்டும். அது அதிக இடமும் அதிகச் செம்பும் கொண்டதாக, நீண்ட கம்பியினால் மின்தடையும் கூடியதாக இருக்கும். கருவி திடீரென அதிக மின்னோட்டம் கேட்கும்போது ஈடுகொடுக்கவும் தாமதிக்கும். முழுச்சுமை மின்னோட்டத்தில் 20 முதல் 40 சதவீதம் வரை சிற்றலை இருக்கட்டும் என்பது வடிவமைப்போர் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. மேற்கண்ட சுற்றில் அது 30 சதவீதம்.

சிற்றலை கூடினால் இரண்டு விளைவுகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, காயிலின் உள்ளகம் தெவிட்டுவது. காந்தப்புலத்தைத் தாங்க உள்ளகத்துக்கு ஓர் உச்ச அளவு உண்டு. மின்னோட்டம் அதைக் கடந்தால் மின்தூண்டல் எண் சரிந்துவிடும். தெவிட்டலைத் தீர்மானிப்பது சராசரி மின்னோட்டம் அன்று, சிற்றலையின் உச்சி. 2 ஆம்பியர் எடுக்கும் சுற்றுக்குக் காயில் வாங்குபவர் 2.3 ஆம்பியரையும் அதற்கு மேல் போதிய இடைவெளியையும் பார்த்து வாங்க வேண்டும். ஆசிலோஸ்கோப்பில் காயிலின் மின்னோட்டத்தைப் பார்க்கும்போது, நேர்கோடாக ஏறவேண்டிய சரிவு உச்சிக்கருகே கொக்கி போல மேல்நோக்கி வளைந்தால் உள்ளகம் தெவிட்டுகிறது என்று அறியலாம். இரண்டாவது, சுமை குறையும்போது நேர்வது. கருவியின் மின்னோட்டம் சிற்றலையின் பாதிக்கும் கீழே, இச்சுற்றில் 0.3 ஆம்பியருக்குக் கீழே, இறங்கினால் முக்கோண அலையின் அடிப்பகுதி சுழியைத் தொட்டுவிடும். டையோடு மின்னோட்டத்தைத் திருப்பி விடாது என்பதால், அடுத்த சுழற்சி வரும்வரை மின்னோட்டம் சுழியிலேயே நிற்கும். அந்த இடைவெளியில் ஸ்விட்ச் முனையில் அதிர்ந்து அடங்கும் ஒரு சிறு அலை தெரியும். அதைப் பார்த்துச் சுற்று பழுதென்று எண்ண வேண்டியதில்லை. காயிலும் டையோடின் சிறு மின்தேக்கமும் சேர்ந்து அதிர்வதே அது.

கருவிக்குத் தேவை ஏறியிறங்காத 2 ஆம்பியர். ஆகவே 2-க்கு மேலே மிஞ்சுவதை வாங்கிக்கொண்டு, 2-க்குக் கீழே குறைவதை ஈடுசெய்வது வெளியீட்டு மின்தேக்கியின் பொறுப்பு. 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இந்த 0.59 ஆம்பியர் சிற்றலையை வாங்கிக்கொள்ளும்போது, கணக்கின்படி அதன் மின்னழுத்தம் வெறும் 2 மில்லிவோல்ட்தான் அசைய வேண்டும். அளந்து பார்த்தால் 60 மில்லிவோல்ட் காட்டும். காரணம், மின்பகுளி நிரப்பிய மின்தேக்கி ஒவ்வொன்றுக்குள்ளும் சிறியதொரு மின்தடை தொடராக ஒளிந்திருக்கிறது. தொழிலில் இ.எஸ்.ஆர். எனப்படும் அம்மின்தடை 0.1 ஓம் என்றாலே 0.59 ஆம்பியர் அதன் வழியே பாய்வதால் 59 மில்லிவோல்ட் எழுகிறது. கொள்ளளவைக் கூட்டுவதைவிட இ.எஸ்.ஆர். குறைந்த மின்தேக்கியை வாங்குவதே இங்கு பயன்தரும். ஆண்டுகள் செல்லச் செல்ல, குறிப்பாகச் சூட்டில், உள்ளிருக்கும் திரவம் உலர்ந்து இம்மின்தடை ஏறுகிறது, 0.5 ஓம் ஆனால் வெளியீட்டின் அசைவு 300 மில்லிவோல்ட்டை நெருங்கி, இணைந்த கருவி காரணமின்றி நின்று நின்று தொடங்கும். மின்தேக்கியின் தலை உப்புவது இதற்கு வெளியில் தெரியும் அடையாளம், உப்பாமலும் உலர்வதுண்டு.

சிற்றலைச் சூத்திரத்தில் அதிர்வெண் கீழே நிற்பதால் விளையும் ஒரு கோளாறு இந்த ஐ.சி.யின் பெயரோடு பரவலாகப் பேசப்படுவது. எல்எம் 2596 என்று பொறித்து மலிவாக விற்கப்படும் ஐ.சி.க்களில் சில, 150 கிலோஹெர்ட்ஸுக்குப் பதிலாக 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் இயங்குவது பலராலும் அளந்து கண்டறியப்பட்டிருக்கிறது. பலகையிலோ 150 கிலோஹெர்ட்ஸுக்கென்று கணக்கிட்ட அதே 33 மைக்ரோஹென்றி காயில். அதிர்வெண் மூன்றில் ஒன்றாகும்போது சிற்றலை மூன்று மடங்காகி 1.8 ஆம்பியரை நெருங்குகிறது; மின்னோட்டம் 1.1-க்கும் 2.9-க்கும் இடையே ஆடுகிறது. சிறிய காயில் தெவிட்டத் தொடங்கி உச்சியை இன்னும் மேலே தள்ளுகிறது. அதே மின்தேக்கியில் வெளியீட்டு அசைவு 180 மில்லிவோல்ட் ஆகிறது. காயிலும் மின்தேக்கியும் சூடாகின்றன, சூட்டில் மின்தேக்கி விரைவாக உலர்கிறது. ஐ.சி.க்கும் காயிலுக்கும் இடையிலுள்ள முனையை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் சதுர அலையின் ஒரு சுழற்சி 6.7 மைக்ரோவினாடியா 20 மைக்ரோவினாடியா என்பது உடனே தெரிந்துவிடும். வெளியீட்டின் அசைவை அளக்கும்போது ப்ரோபின் நீண்ட தரைக் கம்பியைக் கழற்றிவிட்டு, மின்தேக்கியின் இரு கால்களையும் நேரே தொடும்படி குட்டையான இணைப்பால் அளக்க வேண்டும். இல்லையென்றால் அக்கம்பியே ஏரியலாகி, சுற்றில் இல்லாத கூர்முனைகளைத் திரையில் காட்டும்.

மல்டிமீட்டர் மட்டும் கையில் வைத்திருப்பவர் இவ்விரண்டு பலகைகளையும் அடுத்தடுத்து அளந்தால் இரண்டிலும் 5.00 வோல்ட் என்றே காண்பார், ஏனெனில் நேர்திசை அளவில் அது காட்டுவது சராசரியை மட்டுமே. அதனால் புதிய பலகை ஒன்றை வாங்குவோர், அதைக் கருவியோடு இணைப்பதற்கு முன், 5 வோல்ட்டும் 2 ஆம்பியரும் தாங்கும் இரண்டரை ஓம் மின்தடை ஒன்றைச் சுமையாக இட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஆசிலோஸ்கோப் உள்ள இடத்தில் ஒருமுறையேனும் சிற்றலையை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.